காலையில் உப்பும் முகம், சிறுநீரில் தங்கும் நுரை: சிறுநீரகம் சொல்லும் சேதி

காலையில் குழந்தை எழுந்து வருகிறது. கண் இமை இரண்டும் தடித்து, முகமே கொஞ்சம் உப்பிப்போய் இருக்கிறது. "ராத்திரி சரியா தூங்கல போல", "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்", "சளி கோத்துக்கிச்சு" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும். எல்லோரும் மறந்துவிடுவோம். மறுநாள் காலையில் அதே முகம்.

இப்படி மூன்று நாள் தொடர்ந்தால் ஒரு வேலை செய்யுங்கள். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தை எட்டிப் பாருங்கள். சோப்புத் தண்ணீரை ஊற்றியதுபோல் வெள்ளை நுரை தங்கி நிற்கிறதா? முகவீக்கமும் இந்த நுரையும் சேர்ந்து வந்தால், பார்க்க வேண்டியது கண்ணையோ மூக்கையோ அல்ல, சிறுநீரகத்தை. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம், எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் வீட்டில் என்ன செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

வடிகட்டியில் விழும் ஓட்டை

நம் ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தம் இவற்றின் வழியாக ஓடும்போது தண்ணீரும் உப்பும் கழிவும் கீழே இறங்கும். ரத்த அணுக்களும் புரதமும் மேலேயே நின்றுவிடும். டீ வடிகட்டியில் டீ இறங்கி, தூள் தங்குவதுபோல. இறங்கிய தண்ணீரில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைத்தான் சிறுநீராக வெளியே அனுப்புகிறது.

வடிகட்டியின் வெளிப்பக்கத்தில் ஒருவகை செல்கள் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு விரல்கள் போன்ற நீட்சிகள் உண்டு. இரண்டு கை விரல்களையும் கோத்து வைத்ததுபோல் அவை ஒன்றோடொன்று பின்னி, நடுவில் மிகச்சிறிய இடுக்கு மட்டும் விட்டிருக்கும். அந்த இடுக்கு புரதத்தை விடாது. ஏதோ காரணத்தால் இந்த விரல்கள் தட்டையாகி, பின்னல் கலைந்துவிட்டால், புரதம் தாராளமாகச் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். அதிகம் இறங்குவது 'ஆல்புமின்' என்ற புரதம். இப்படிப் பெருமளவில் புரதம் ஒழுகி, ரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, உடம்பு வீங்கும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம்.

நுரை வருவதற்குக் காரணம் இதுதான். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை பொங்கி அப்படியே நிற்கும் இல்லையா? வெள்ளைக்கருவிலும் புரதம் இருக்கிறது. புரதம் கலந்த நீரில் உருவாகும் குமிழி சீக்கிரம் உடையாது. சிறுநீரில் புரதம் இருந்தாலும் அதே கதைதான்.

ஏன் காலையில்? ஏன் முகத்தில்?

ஆல்புமின் ரத்தக்குழாய்க்குள் இருக்கும்வரை, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். அது குறைந்தால் பிடிப்பு தளர்ந்து, தண்ணீர் குழாயைவிட்டுக் கசிந்து தோலுக்கடியில் போய்ச் சேரும். இது மட்டுமல்ல. நோய்வாய்ப்பட்ட சிறுநீரகம், வெளியே அனுப்ப வேண்டிய உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு எங்கே நிற்கிறதோ, அங்கே தண்ணீரும் நிற்கும். ஒரு பக்கம் கசிவு, இன்னொரு பக்கம் தேக்கம். வீக்கம் வந்துவிடுகிறது.

கசிந்த தண்ணீர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் கீழே இறங்கிக் கணுக்காலில் தேங்கும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முகம், கால் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதால் முகத்திலும் சேரும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது, அடியில் தளர்வானது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே அங்கே முதலில் தெரிந்துவிடும். எழுந்து ஓடியாடினால் தண்ணீர் மறுபடி கீழே இறங்கும். முகம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் வீக்கம் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அதனால் காலையில் முகத்தைப் பார்த்தவர்கள், மாலையில் காலையும் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின்மீது, கட்டைவிரலால் சில வினாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து, மெதுவாக நிரம்பினால் அது தண்ணீர். சாக்ஸ் கழற்றியதும் ஆழமான தடம் தெரிவது, டவுசர் இடுப்பில் திடீரென்று இறுகுவது, வயிறு உப்புவது எல்லாம் இதே கணக்குதான்.

உங்கள் கையில் இருக்கும் போன் இதில் உதவும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காலை எழுந்தவுடன் ஒரு படம், மாலையில் ஒரு படம் என மூன்று நாள் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்க மதியம் போகும்போது முகம் வடிந்திருக்கும். "காலையில பாத்தீங்கன்னா தெரியும் டாக்டர்" என்று சொல்வதைவிடப் படத்தைக் காட்டுவது மேல்.

எல்லா நுரையும் நோயல்ல

நுரையைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம். வேகமாகச் சிறுநீர் கழித்தாலே குமிழி வரும். தண்ணீர் குறைவாகக் குடித்து, மஞ்சளாகக் கழியும்போதும் வரும். கழிப்பறையில் ஊற்றிய கிளீனர் மிச்சமிருந்தாலும் நுரைக்கும். இவை பெரிய பெரிய குமிழிகளாக இருக்கும், சீக்கிரமே உடைந்து போகும். புரத நுரை அப்படியில்லை. சிறுசிறு குமிழிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சில நிமிடங்கள் கழித்தும் அப்படியே நிற்கும். ஒருமுறை தண்ணீர் ஊற்றியும் போகாமல் மிதக்கும். அடுத்தடுத்த நாட்களிலும் வரும்.

முகவீக்கத்துக்கும் வேறு காரணங்கள் உண்டு. அலர்ஜி என்றால் பெரும்பாலும் கண் அரிக்கும், சிவக்கும், தும்மல் வரும். சிறுநீரக வீக்கத்தில் அரிப்பும் இருக்காது, வலியும் இருக்காது. வலி இல்லாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீக்கத்தோடு சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால், அது சிறுநீரகத்தின் இன்னொரு வகை அழற்சியாக இருக்கலாம். அதில் ரத்த அழுத்தம் திடீரென ஏறும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணால் பார்ப்பது சந்தேகத்தை எழுப்பத்தான். முடிவு சொல்வது சிறுநீர்ப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமில்லாமல் இதைச் செய்துகொள்ளலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான, உலர்ந்த டப்பாவில் பிடியுங்கள். மருந்துக் குறிப்பட்டைகள் பதித்த ஒரு பட்டையை, அதாவது யூரின் ஸ்ட்ரிப்பை, அதில் நனைப்பார்கள். புரதம் இல்லையென்றால் அதன் கட்டம் மஞ்சளாகவே இருக்கும். புரதம் கூடக்கூடப் பச்சை ஏறும். அதை 1+, 2+, 3+, 4+ என்று குறிப்பார்கள். காய்ச்சலிலும் கடுமையான ஓட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் புரதம் தற்காலிகமாகத் தெரியலாம். அது ஓரிரு நாளில் மறைந்துவிடும். 3+, 4+ என்று வந்து, வீக்கமும் இருந்தால் அது தற்காலிகம் அல்ல.

ஒரு குழந்தையின் கணக்கு

இது எப்படிப் போகும் என்பதைப் புரிந்துகொள்ள, வழக்கமாக நடக்கும் முறையில் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பையன். தினமும் காலையில் கண் வீங்குகிறது. மருந்துக்கடையில் அலர்ஜி சிரப் வாங்கிக் கொடுத்துப் பத்து நாள் ஓடிவிட்டது. பத்தாம் நாள் வயிறும் உப்பியிருக்கிறது. சிறுநீரும் குறைவாகப் போகிறது. சுகாதார நிலையத்தில் எடை பார்த்தால் 18 கிலோ. அங்கன்வாடிப் பதிவேட்டில் போன மாதம் 15.5 கிலோ. அம்மாவுக்கு ஒரு கணம் சந்தோஷம். ஆனால் ஒரே மாதத்தில் ஏறிய அந்த இரண்டரைக் கிலோ சதையல்ல, தண்ணீர்.

சிறுநீரில் புரதம் 4+. ரத்தத்தில் ஆல்புமின் 1.5 கிராம். இருக்க வேண்டியது 100 மில்லி லிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல். கொழுப்பு அளவு எகிறியிருக்கிறது. இழந்த புரதத்தை ஈடுகட்டக் கல்லீரல் வேகமாக வேலை செய்யும்போது கொழுப்பையும் சேர்த்து உற்பத்தி செய்துவிடும். கிரியேட்டினின் இயல்பு, ரத்த அழுத்தமும் இயல்பு. அதாவது கழிவை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம் ஒழுங்காகத்தான் செய்கிறது. ஒழுகல் மட்டும்தான் பிரச்சினை. "கிரியேட்டினின் நார்மல், அதனால கிட்னி நல்லா இருக்கு" என்று ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிட்டால் இந்த நோய் தப்பிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் வேலை செய்யும். அதனால் திசுப் பரிசோதனை இல்லாமலேயே மருத்துவர் அதைத் தொடங்குவார். இந்தியாவில் வழக்கமான முறை, ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்த அளவில். அளவை எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். வீங்கிய எடையை அல்ல, வீக்கத்துக்கு முந்தைய எடையை. அங்கன்வாடிப் பதிவேட்டையோ தடுப்பூசி அட்டையையோ கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

மருந்து தொடங்கி ஒரு வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு பையன் நிறையச் சிறுநீர் கழிக்கிறான். இரண்டாவது வாரத்தில் எடை 15.5 கிலோவுக்குத் திரும்புகிறது. ஸ்ட்ரிப்பில் 4+ என்பது 2+ ஆகி, பிறகு இல்லை என்றாகிறது. மூன்று நாள் தொடர்ந்து காலைச் சிறுநீரில் புரதம் இல்லை, அல்லது வெறும் சுவடு என்று வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பல வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். "முகம் வடிஞ்சிடுச்சே, இனிமே எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு காரணங்களுக்காக இது கூடாது. பாதியில் விட்டால் ஒழுகல் சீக்கிரமே திரும்பலாம். இன்னொன்று, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் காய்ச்சல், வாந்தி போன்ற சாதாரண சிரமத்தைக்கூட உடம்பு தாங்காமல் போகலாம். கூடவே ஒரு குழப்பம்: ஸ்டீராய்டாலும் கன்னம் உருண்டையாகும். அது கொழுப்பு, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். காலையில் கண்ணைச் சுற்றி வந்து மாலையில் வடிந்தால்தான் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் ஸ்ட்ரிப் சொல்லிவிடும்.

வீட்டில் ஒரு நோட்டு

இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் சுபாவம் கொண்டது. ஒருமுறை குணமான குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு மறுபடி வரும், அதிலும் சளி, காய்ச்சல் பிடித்தால் அதையொட்டி வரும். வளர வளர வருவது குறைந்து, பெரும்பாலோருக்குப் பதின்பருவத்துக்குள் நின்றுவிடும். அதுவரை வீட்டிலிருப்பவர்கள் கையில் இருக்க வேண்டியது ஸ்ட்ரிப் டப்பாவும் ஒரு நோட்டும். நோட்டுக்குப் பதில் போனிலும் குறித்து வைக்கலாம்.

தினமும் காலை முதல் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். பல ஸ்ட்ரிப்புகளுக்கு அது 60 வினாடி. போனில் டைமர் வையுங்கள். நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் மாறி, இல்லாத புரதம் இருப்பதாகத் தெரியும். டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். தேதி, அளவு, கொடுத்த மாத்திரை, சளி காய்ச்சல் இருந்ததா என்று ஒரே வரியில் எழுதினால் போதும். நோய் அடங்கியபின் எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பது என்பதை மருத்துவர் சொல்வார். ஆனால் சளியோ காய்ச்சலோ வந்தால், முகவீக்கம் தெரிந்தால், தினமும் பாருங்கள்.

நம் உதாரணப் பையனுக்கு ஐந்து மாதம் கழித்துச் சளி பிடிக்கிறது. நோட்டில் திங்கள் சுவடு, செவ்வாய் 2+, புதன் 3+, வியாழன் 3+, வெள்ளி 3+. மூன்று நாள் தொடர்ந்து 3+ அல்லது அதற்கு மேல் என்றால் நோய் திரும்பிவிட்டது என்பது மருத்துவர்களின் கணக்கு. வெள்ளிக்கிழமை அவன் முகத்தில் எந்த வீக்கமும் இல்லை, விளையாடிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே மருத்துவரிடம் போனால், உடம்பில் தண்ணீர் சேரும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடும். முகம் உப்பும்வரை காத்திருந்தால் ஒருவேளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். நோட்டின் மதிப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம்

"புரதம் ஒழுகுது, அதனால தினமும் நாலு முட்டை கொடுப்போம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகத்தான் செய்யும். ஓட்டையை அடைப்பது மருந்து. வயதுக்கேற்ற வழக்கமான அளவில் பருப்பு, முட்டை, பால், மீன் போதும். புரதத்தை அடியோடு நிறுத்துவதும் தவறு, வளரும் குழந்தை மெலிந்துவிடும்.

குறைக்க வேண்டியது உப்பை. வீக்கம் இருக்கும்வரை ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம். சமையலில் உப்பைக் குறைத்து, தட்டில் தனியாக வைக்காதீர்கள். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் நீரைப் பிரிக்கும் என்பார்கள். அவை வடிகட்டியின் ஓட்டையை அடைக்காது. அவற்றை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

உடனே ஓட வேண்டிய நேரம்

சிறுநீரில் போவது ஆல்புமின் மட்டுமல்ல. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும், ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் சேர்ந்தே போகின்றன. அதனால் வீக்கத்தோடு இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால், வயிற்றில் தேங்கிய நீரில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சுத்திணறல், வலிப்பு, கடும் தலைவலி, சிறுநீர் அறவே போகாமை, விடாத வாந்தி பேதி இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை, அம்மை போட்டவர் பக்கத்தில் இருந்திருந்தால், கொப்புளம் வரும்வரை பார்க்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் இடத்திலும் "ஸ்டீராய்டு எடுக்கிறான்" என்று சொல்லிவிடுங்கள். சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டிவரும், சிலவற்றைக் கூடுதலாகப் போட வேண்டிவரும். கடையில் நாமாக வாங்கும் வலிநிவாரணிகளும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு வந்தால்

இதே முகவீக்கமும் நுரையும் பெரியவர்களுக்கு வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோய் முதல் சந்தேகம். அதில் ஒழுகல் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடும், நுரை தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு. இது கண்ணுக்கு நுரை தெரிவதற்கு வெகுமுன்பே ஒழுகலைக் காட்டிவிடும்.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாதது. முகத்தை வெளுப்பாக்கும் சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, இதேபோல் புரதத்தை ஒழுகவிடுவதைக் கேரளத்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத கிரீமைப் பூசிக்கொண்டிருப்பவருக்கு முகம் உப்பினால், கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சிறுநீரகத் திசுப் பரிசோதனை செய்துதான் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

எங்கே போவது?

முதல் படி உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் அங்கேயே பார்த்துவிடலாம். புரதம் 3+ அல்லது அதற்கு மேல் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காலை முகவீக்கத்தைச் சொல்லலாம். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

போகும்போது கையில் மூன்று பொருள் இருக்கட்டும்: காலை, மாலை எடுத்த படங்கள், பழைய எடை எழுதிய அட்டை, காலையில் பிடித்த சிறுநீர். இந்த மூன்றும் இருந்தால் அலர்ஜியா, சிறுநீரகமா என்ற சந்தேகம் பெரும்பாலும் அன்றைக்கே தீர்ந்துவிடும்.